புதுப்பிப்பு: சீனாவிலிருந்து வந்த XL சட்டை

நான் கேட்டிருந்தது: “சீனாவிலிருந்து வரவழைத்த XL சட்டை இங்கே வாங்கும் M மாதிரி இருக்கிறதே, ஏன்?”

ஆயத்த ஆடைத் தொழிலில் இருக்கும் அண்ணன் ஒருவர், கழுத்துப் பட்டியில் 180/96A மாதிரி ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றார். அதேதான் இருந்தது. 180 செ.மீ. உயரமும் 96 செ.மீ. மார்பும் உள்ள உடம்புக்கு என்று அர்த்தமாம், A சாதாரண உடல்வாகு. 96 என்றால் 38 அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு, இங்கே அது பெரிய சைஸே இல்லை. XL என்ற எழுத்து விற்பவர் தன் ஊர்க்காரர்களை நினைத்துப் போடுவது, கடைக்குக் கடை மாறும்.

‘ரெண்டு சைஸ் ஏற்றிப் போடுங்க’ என்றவர் சொன்னது பாதி சரி. மார்பு சரியாகலாம், ஆனால் தோளும் சேர்ந்து அகலமாகித் தொங்கும்.

அதனால் எனக்குப் பொருந்தும் பழைய சட்டையைப் பொத்தான் போட்டுத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்தேன்: 56 செ.மீ., சுற்றளவு 112. விற்பவரின் அளவு அட்டவணையில் சட்டையின் மார்பு XL 108, 2XL 112, தோளும் ஒத்துப்போனது. 2XL சொல்லியிருக்கிறேன். கையால் அளப்பதால் 1 முதல் 3 செ.மீ. வரை வித்தியாசம் வரலாம் என்று அவர்களே கீழே போட்டிருந்தார்கள்.

ஒன்று கவனியுங்கள், அட்டவணையில் மார்பு 92–96 என்று வீச்சாக இருந்தால் பெரும்பாலும் உடம்பின் அளவு. ஒற்றை எண்ணும் கை நீளமும் இருந்தால் துணியின் அளவு. அதை உடம்போடு ஒப்பிட்டால் இறுக்கமாகத்தான் வரும்.

துவைத்தால் சுருங்குமா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.