220 வாட் ஃபிரிட்ஜ் மாசத்துக்கு 158 யூனிட்டா?

கீற்று: கொஞ்சம் அவசரம். ஃபிரிட்ஜ் பின்னாடி 220 வாட்னு போட்டிருக்கு. 220 × 24 × 30 ÷ 1000 = 158 யூனிட். யூனிட் விலை 8 வச்சா 1267 வருது. ஆனா வீட்டு மொத்த பில்லே 140 யூனிட்தான். எங்க தப்பு?

வடம்: ஒரு கதவா, ரெண்டா? ஐஸ் தானா உருகுற மாடலா? இன்வெர்ட்டர் கம்ப்ரஸரா?

மணிமேடை: கம்ப்ரஸர் நாள் முழுக்க ஓடாது. மூணுல ஒரு பங்குதான். 158-ஐ மூணால வகுங்க, 53. அவ்வளவுதான் விடை.

பழையவன்: இதை இங்கே எத்தனையோ தடவை பேசியாச்சு, தேடிப் பார்த்துட்டுக் கேளுங்க. பிளக்ல மாட்டுற யூனிட் மீட்டர் இல்லாம இந்தக் கணக்கெல்லாம் வீண்.

கீற்று: ரெண்டு கதவு. ஐஸ் தானா உருகும். இன்வெர்ட்டர் இல்லை.

வடம்: அப்ப 220 பெரும்பாலும் ஐஸ் உருக்குற ஹீட்டரோடது. ஹீட்டர் போடும்போது கம்ப்ரஸர் நின்னிருக்கும், அதனால பெரிய எண்ணைத் தகட்டுல போட்டுடுவாங்க. மூணால வகுத்தாலும் தப்பான எண்ணைத்தான் வகுக்கறோம். வீட்ல மத்த எல்லாத்தையும் அணைச்சுட்டு, கம்ப்ரஸர் ஓடும்போது கரன்ட் மீட்டரோட சிவப்பு விளக்கு 10 தடவை சிமிட்ட எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. மீட்டர்ல imp/kWh பக்கத்துல இருக்கிற எண்ணையும் சொல்லுங்க. ஓடற நேரம், நிக்கிற நேரம் ரெண்டையும் குறிச்சுக்கோங்க.

சுடர்: எங்க வீட்ல ராத்திரி ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணிடுவோம். நல்லா மிச்சமாகுது.

மணிமேடை: காலைல போட்டதும் விட்டதைச் சேர்த்து ஓடும். மிச்சம் எங்கே?

சுடர்: ஆஃப்ல இருக்கறப்ப மீட்டர் ஓடலையே!

வடம்: உள்ளே ஏறின சூட்டை அது காலைல வெளியே தள்ளியாகணும். மிச்சம் ரொம்பக் கொஞ்சம், பால் கெடுறதுதான் நிச்சயம்.

கீற்று: 3200 imp/kWh. 10 சிமிட்டலுக்கு 2 நிமிஷம். 20 நிமிஷம் ஓடி 24 நிமிஷம் நிக்குது.

வடம்: 3200 சிமிட்டல் ஒரு யூனிட். 2 நிமிஷத்துல 10 என்றால் மணிக்கு 300, அதாவது சுமார் 94 வாட். 44 நிமிஷத்துல 20 ஓடுதுன்னா நாளுக்கு 11 மணி நேரம். 94 × 11 × 30 ÷ 1000 = 31 யூனிட். ஹீட்டர் நாளுக்கு ரெண்டு தடவை, 20 நிமிஷம் வீதம் ஓடுதுன்னு வச்சா இன்னும் 4. ஆக 35 யூனிட், யூனிட் 8-க்கு 280. வெயில் காலத்துல 11 மணி 14 ஆகலாம். நிக்காமலே ஓடினா கதவு ரப்பரைப் பாருங்க: ஒரு காகிதத்தை வச்சு மூடி இழுங்க, தடையே இல்லாம வந்தா அங்கேதான் குளிர் போகுது.

பழையவன்: ஹீட்டர் 20 நிமிஷம்ங்கறது வெறும் ஊகம். ஒரு நாள் முழுக்க மீட்டர் போட்டு அளக்காம ஒத்துக்க மாட்டேன்.

சுடர்: இன்வெர்ட்டர்னா இதே கணக்கா?

வடம்: இல்லை. அது வேகத்தைக் கூட்டிக் குறைச்சு கிட்டத்தட்ட நிக்காமலே ஓடும், 10 சிமிட்டல் ஒவ்வொரு தடவையும் வேற வரும். அதுக்குப் பழையவன் சொன்ன மீட்டர்தான் சரி.

கீற்று: காகிதம் கீழ் மூலையில சும்மா வந்துடுச்சு. நன்றி.