சொல் வேண்டும்: எடுக்காமல் விட்ட முட்டு, எடுத்துத் திரும்ப நிறுத்திய முட்டு

கையேடு எழுதுபவர்:
வணக்கம். தள கான்கிரீட் வேலைக்கு ஒரு கையேடு எழுதி வருகிறேன். ஐ.எஸ். 456 என்ற கான்கிரீட் தரநிலை சொல்வது இது: தளத்தின் அடிப்பலகையை 3 நாளில் எடுக்கலாம், ஆனால் முட்டுகளை உடனே திரும்ப நிறுத்திவிட வேண்டும். தாங்கலுக்குத் தாங்கல் அகலம் 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு 7 நாளிலும், அதற்கு மேல் 14 நாளிலும் முட்டுகளை எடுத்துவிடலாம். பலகையை எடுத்ததும் திரும்ப நிறுத்தும் முட்டுக்கு 'மறுமுட்டு' என்று போட்டிருக்கிறேன். சரியா?

தள மேற்பார்வையாளர்:
சைட்டில் எல்லாமே முட்டுதான், புதுப் பெயர் எதற்கு? 4 மீட்டர் தளம் என்றால் 7 நாள் கழித்துப் பிரித்துவிடுவோம். நாளைச் சரியாக எழுதினாலே போதும்.

கட்டமைப்புப் பொறியாளர்:
நாள் கணக்கு சரிதான், ஆனால் அது சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு, வெப்பநிலை 15 டிகிரிக்குக் குறையாமல், ஒழுங்காகத் தண்ணீர் விட்டிருந்தால். சாம்பல் கலந்த சிமென்ட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். அங்கே தளத்தோடு கூடவே வைத்து அதே தண்ணீர் விட்ட கியூபை உடைத்துப் பார்த்து முடிவெடுங்கள். தொட்டியில் ஊறிய கியூப் தளத்தின் நிலையைச் சொல்லாது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பலகை மட்டும் கழன்று வர, முட்டு அசையாமல் நிற்கிற அமைப்பு ஒன்று உண்டு. அந்த முட்டு வார்த்த நாளிலிருந்தே பாரத்தில் பங்கு சுமக்கிறது. இன்னொன்றில் முட்டை எடுத்ததும் தளம் சற்றுத் தொய்ந்து தன் எடையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. அப்புறம் முட்டுக் கொடுத்தாலும் போன தொய்வு திரும்பாது. இனி ஏறப்போகும் பாரத்துக்குத்தான் அந்த முட்டு உதவும். 3 நாள் தளத்தில் எல்லா முட்டையும் ஒரே மூச்சில் எடுத்தால், அந்தக் கொஞ்ச நேரம் அது முழு அகலத்துக்கும் தனியாக நிற்கிறது. அதனால்தான் ஒரு வரிசையை எடுத்து, அங்கே திரும்ப நிறுத்திவிட்டு, அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். முதலாவதை 'நிலைமுட்டு' என்றும் இரண்டாவதை 'மறுமுட்டு' என்றும் பிரிக்கலாம்.

பழைய ஒப்பந்ததாரர்:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சன்ஷேடுக்கு 14 நாள் விட்டுத்தான் பிரித்தோம். ஆனாலும் அப்படியே கவிழ்ந்தது. கான்கிரீட்டில் குறையே இல்லை. அப்போ நாள் கணக்கே தப்பா?

கட்டமைப்புப் பொறியாளர்:
ஐயா, மேலே சுவர் ஏறியிருந்ததா? சுவரின் எடைதான் சன்ஷேடைப் பின்னால் அழுத்திப் பிடிக்கும். அது இல்லாவிட்டால் 28 நாள் ஆனாலும் கவிழும். அது பலத்தின் கேள்வி இல்லை, சமநிலையின் கேள்வி. சுவர் ஏறின பிறகும் முட்டை நுனியிலிருந்து சுவரை நோக்கித்தான் எடுக்க வேண்டும். இரு பக்கமும் தாங்கிய தளத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வர வேண்டும்.

தள மேற்பார்வையாளர்:
சரி, மறுமுட்டை ஆப்பு அடித்து நன்றாக இறுக்கினால் தொய்வு திரும்பிவிடாதா?

கட்டமைப்புப் பொறியாளர்:
அதைச் செய்யவே வேண்டாம். நடுவில் ஒரு முட்டை இறுக்கி மேலே தூக்கினால் தளம் அங்கே மேல்பக்கம் இழுபடும். அந்த இடத்தில் மேல்கம்பி பெரும்பாலும் இருக்காது. முட்டுக்கு நேர் மேலே கோடு போட்டாற்போல் விரிசல் விழும். ஆப்பு கையால் ஆட்டினால் ஆடாத அளவுக்கு இருந்தால் போதும்.

7 நாள் கணக்கு மாடி மேல் மாடி ஏறும்போது எடுபடாது. 125 மி.மீ. தளம் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 310 கிலோ. மேல்தளம் வார்க்கும்போது புதுக் கான்கிரீட் 310, சென்ட்ரிங் 50, ஆளும் சாமானும் 150, ஆக 510 கிலோ கீழே இறங்கும். வீட்டுத் தளத்தைப் புழக்கத்துக்கு 200, பூச்சுக்கு 100 என்றுதான் கணக்குப் போட்டிருப்பார்கள். முழுப் பலம் வந்த தளத்துக்கே 210 கிலோ மிகுதி. அதனால் அதன் கீழும் முட்டு நின்று, பாரம் அடுத்த தளத்தோடு பங்காக வேண்டும்.

கையேடு எழுதுபவர்:
அப்படியானால் கீழ்மாடியில் பங்கு வாங்க நிற்கும் அந்த முட்டுக்கும் ஒரு பெயர் வேண்டும். 'பங்குமுட்டு' என்று போடட்டுமா?

பழைய ஒப்பந்ததாரர்:
பங்கு என்றால் ஆட்களுக்குப் பணம்தான் ஞாபகம் வரும். 'கீழ்முட்டு' என்றால் எந்த மேஸ்திரிக்கும் புரியும்.

கட்டமைப்புப் பொறியாளர்:
எல்லா முட்டும் தளத்துக்குக் கீழேதானே நிற்கிறது, அதுதான் இடிக்கிறது. நிலைமுட்டு, மறுமுட்டு இரண்டையும் கையேட்டில் போட்டுவிடுங்கள். மூன்றாவதை இப்போதைக்கு 'கீழ்மாடி முட்டு' என்று விரித்தே எழுதுங்கள்.