அரை இன்ச் லைனில் 14 எல்போ: ஷவரில் தண்ணீர் குறைவது உயரத்தாலா, வளைவுகளாலா?

செந்தில்_புதுவீடு:
மாடி டேங்கில் தண்ணீர் மட்டம் ஷவருக்கு 2.2 மீட்டர் மேலே இருக்கிறது. டேங்கிலிருந்து ஷவர் வரை முழுக்க அரை இன்ச் சிபிவிசி, டேப் வைத்து அளந்தால் 11 மீட்டர்தான். ஆனால் வழியில் 14 எல்போ, ஒரு டீ, டேங்கடியில் கேட் வால்வு, குளியலறைச் சுவருக்குள் ஒரு கன்சீல்டு ஸ்டாப் காக். ஷவரைக் கழற்றிவிட்டு வாளியில் பிடித்தால் 10 லிட்டர் நிரம்ப ஒன்றரை நிமிடம் ஆகிறது. எல்போக்கள் இவ்வளவு இழுக்குமா? டேங்கை உயர்த்துவதுதான் வழியா?

ராமசாமி_பிளம்பிங்:
தம்பி, தண்ணீரைத் தள்ளுவது உயரம் மட்டும்தான். 2.2 மீட்டர் ரொம்பக் கம்மி. ஒரு எல்போவில் அப்படி என்ன போய்விடப் போகிறது? டேங்குக்கு ஒரு மீட்டர் ஸ்டாண்டு போடுங்கள், சரியாகிவிடும். சுவரை உடைக்கிற வேலைக்குப் போகாதீர்கள்.

கயல்விழி:
ஒரு எல்போவில் போவது கொஞ்சம்தான். ஆனால் 14 இருக்கிறது அண்ணே, கூட்டிப் பார்ப்போம்.

நிமிடத்துக்கு 6.7 லிட்டர் வருகிறது. அரை இன்ச் சிபிவிசியின் உள்விட்டம் சுமார் 12.5 மி.மீ. இந்த ஓட்டத்தில் நேர் பைப் மீட்டருக்குச் சுமார் 10 செ.மீ. உயரத்தைத் தின்கிறது. 11 மீட்டருக்கு 110 செ.மீ. போயிற்று.

சாதாரண 90 டிகிரி எல்போவின் சம நீளம் உள்விட்டத்தைப் போல் 30 மடங்கு. 12.5 மி.மீ. பைப்பில் அது 37.5 செ.மீ. அதாவது ஒவ்வொரு எல்போவும், கண்ணுக்குத் தெரியாத 37.5 செ.மீ. பைப்பை லைனில் சேர்க்கிறது. 14 எல்போவுக்கு ஐந்தே கால் மீட்டர். தின்பது 52 செ.மீ.

ஸ்டாப் காக் தனிக் கதை. அதைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்: தண்ணீர் நேராகப் போவதில்லை. கீழே வந்து, ஒரு வட்ட ஓட்டை வழியாக மேலே ஏறி, வாஷரில் முட்டி, மறுபடி திரும்பித்தான் வெளியே வருகிறது. இது குளோப் வால்வு வகை, முழுக்கத் திறந்திருந்தாலும் 340 மடங்கு. அரை இன்ச்சில் அது 4.25 மீட்டர் பைப்புக்குச் சமம். இன்னொரு 42 செ.மீ. காலி.

டீயின் கிளைப் பக்கம் 60 மடங்கு, 7 செ.மீ. கேட் வால்வு முழுக்கத் திறந்திருந்தால் 8 மடங்கு, ஒரு செ.மீ. டேங்கிலிருந்து பைப்புக்குள் நுழைவதற்கும் முனையில் வெளியேறும் வேகத்துக்கும் சேர்த்து 6 செ.மீ. எல்லாவற்றையும் கூட்டினால் 2.2 மீட்டர் வந்து நிற்கும். செந்தில் வாளியில் பிடித்த அளவும் கணக்கும் ஒத்துப்போகிறது.

அளந்தது 11 மீட்டர், தண்ணீருக்கு அது 21 மீட்டருக்கு மேல். ஃபிட்டிங் எதுவும் இல்லாமல் அதே 11 மீட்டர் நேராக இருந்திருந்தால் நிமிடத்துக்கு 9.6 லிட்டர் வந்திருக்கும்.

ராமசாமி_பிளம்பிங்:
சரிம்மா, கணக்கு சரி என்றே வைத்துக்கொள்வோம். டேங்கை ஏற்றினாலும் தண்ணீர் கூடத்தானே செய்யும்? அதை ஏன் போட்டுப் பார்க்கவில்லை?

கயல்விழி:
கூடும், நீங்கள் சொன்னதில் பாதி சரி. 2.2 மீட்டரை 3.2 ஆக்கினால் 6.7 லிட்டர் 8.3 ஆகும். உயரம் 45 சதவீதம் ஏறியும் தண்ணீர் 24 சதவீதம்தான் கூடுகிறது. ஓட்டம் கூடக் கூட இழப்பு அதைவிட வேகமாக ஏறுவதுதான் காரணம்.

இதே டேங்கில், குளியலறை வரை வரும் 9 மீட்டரையும் அதிலுள்ள 10 எல்போவையும் முக்கால் இன்ச்சாக மாற்றினால் நிமிடத்துக்கு 9.9 லிட்டர். கூடவே ஸ்டாப் காக்கை எடுத்துவிட்டு பால் வால்வு போட்டால் 12.9. ஸ்டாப் காக்கை மட்டும் மாற்றினால் 7.6தான், ஏனென்றால் மீதி லைன் அப்படியே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: கடையில் “கால் திருப்பு” என்று கேட்டால் செராமிக் டிஸ்க் வைத்ததையும் எடுத்துக் கொடுப்பார்கள். அதன் வழி குறுகலானது. பந்தில் பைப் அளவுக்கே ஓட்டை இருக்கும் ஃபுல் போர் பால் வால்வுக்குத்தான் மேலே சொன்ன கணக்கு பொருந்தும்.

அன்வர்_ஸ்பிரிங்க்ளர்:
கயல்விழி சொல்வதில் எனக்கு இரண்டு இடம் இடிக்கிறது.

ஒன்று, தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் வேலையில் நாங்கள் பார்க்கும் என்எஃப்பிஏ 13 அட்டவணையில் அரை இன்ச் எல்போவுக்கு 1 அடி, 4 இன்ச் எல்போவுக்கு 10 அடி. அப்படியானால் எல்போ அதிகம் பாதிப்பது பெரிய பைப்பைத்தானே? “சின்ன பைப்பில் ஃபிட்டிங் கூடாது” என்று எல்லோரும் சொல்வதற்கு அட்டவணையே எதிராக நிற்கிறது.

இரண்டு, அந்த அட்டவணை, பைப்பின் வழவழப்பைக் காட்டும் ஹேசன்–வில்லியம்ஸ் சி மதிப்பு 120 கொண்ட இரும்பு பைப்புக்கானது. சி 150 உள்ள பிளாஸ்டிக்கில் 1.51 ஆல் பெருக்க வேண்டும். பைப் வழவழப்பாக இருப்பதால் எல்போவின் இழப்பு குறைந்துவிடாது. அதே இழப்புக்கு ஈடாக வழவழப்பான பைப் இன்னும் நீளமாக வேண்டும், அவ்வளவுதான். 1 அடியை 1.51 ஆல் பெருக்கினால் 46 செ.மீ. நீங்கள் போட்டது 37.5.

கயல்விழி:
முதல் கேள்விதான் பலரையும் வழி மாற்றிவிடுகிறது. சம நீளம் என்பது இழப்பு அல்ல, அதே அளவு பைப்பின் நீளம். அரை இன்ச் எல்போ அரை இன்ச் பைப்பின் மீட்டரில் எண்ணப்படுகிறது, 4 இன்ச் எல்போ 4 இன்ச் பைப்பின் மீட்டரில். அந்த இரண்டு மீட்டருக்கும் விலை வேறு.

செந்திலின் ஓட்டத்தையே வைத்துப் பாருங்கள். முக்கால் இன்ச்சில் எல்போவின் சம நீளம் 55 செ.மீ., அரை இன்ச்சைவிட அதிகம். ஆனால் முக்கால் இன்ச் பைப் இதே 6.7 லிட்டருக்கு மீட்டருக்கு 1.7 செ.மீ.தான் தின்கிறது. ஆகவே எல்போ ஒன்றுக்கு 0.9 செ.மீ., அரை இன்ச்சில் 3.75. நீளம் கூடியும் இழப்பு நாலில் ஒன்றாகிவிட்டது.

உங்கள் வாதத்தில் உண்மையும் இருக்கிறது. ஒரே நீளம், ஒரே எண்ணிக்கை எல்போ என்றால், மொத்த இழப்பில் ஃபிட்டிங்கின் பங்கு பெரிய பைப்பில்தான் அதிகம். ஆனால் அரை இன்ச் வீட்டு லைனில் மீட்டருக்கு ஒன்றுக்கு மேல் எல்போ வருகிறது. 4 இன்ச் லைனில் யாரும் அப்படிப் போடுவதில்லை.

அட்டவணையில் வராத ஒன்றும் சின்ன பைப்பைத்தான் பிடிக்கும். பைப்பை அறுத்தபின் உள்விளிம்பின் பிசிறைச் சுரண்டாமல் ஒட்டினாலோ, சால்வென்டை எல்போவின் உள்ளே அதிகம் பூசினாலோ, பைப்பைத் தள்ளும்போது பசை உள்ளே பிதுங்கி வளையமாகக் காய்ந்துவிடும். வளையம் சுற்றிலும் 1 மி.மீ. இருந்தால் 12.5 மி.மீ. வழி 10.5 ஆகிறது, பரப்பில் 30 சதவீதம் போய்விடுகிறது. 100 மி.மீ. பைப்பில் அதே வளையம் 4 சதவீதத்தைத்தான் எடுக்கும்.

1.51 பற்றி: 120 சி உள்ள அட்டவணையிலிருந்து எடுத்தால் பெருக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. நான் அட்டவணையிலிருந்து எடுக்கவில்லை, விட்டத்தின் மடங்காகப் போட்டேன்.

அன்வர்_ஸ்பிரிங்க்ளர்:
விலை வேறு என்பதை ஏற்கிறேன். ஆனால் 46 செ.மீ. என்று வைத்தால் 14 எல்போவில் 1.2 மீட்டர் வித்தியாசம் வருகிறது. அட்டவணை அடியில் முழு எண்ணாகச் சுருக்கப்பட்டது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் குறைவாகப் போடுவதைவிட கூடப் போடுவது நல்லது.

மாடித்தோட்டம்:
என் வீட்டு லைனில் 5 எல்போதான், ஆனாலும் தண்ணீர் நூல்போல வருகிறது. 16 மி.மீ. கம்போசிட் பைப், உள்விட்டம் 12. எல்போ எண்ணிக்கைதான் காரணம் என்றால் எனக்கு நன்றாக அல்லவா வரவேண்டும்?

கயல்விழி:
உங்கள் எல்போ பைப்புக்கு வெளியே மாட்டுவது அல்ல, பைப்புக்கு உள்ளே நுழைவது. ஒன்றைக் கழற்றி, பித்தளைக் கழுத்தின் ஓட்டையை வெர்னியரில் அளந்து பாருங்கள். 9 மி.மீ. இருந்தால், 12/9 இன் நான்காம் அடுக்கு 3.2. முழு வழி உள்ள எல்போவைப்போல் ஒவ்வொன்றும் மூன்று மடங்குக்கு மேல் தின்னும். ஐந்து எல்போ பதினாறுக்குச் சமம். இந்த மாதிரி ஃபிட்டிங்குக்கு 30 மடங்கு என்று போட்டால் கணக்கு தப்பும்.

ராமசாமி_பிளம்பிங்:
ஒரு சந்தேகம். பீமைச் சுற்றும்போது இரண்டு எல்போவை ஒட்டி ஒட்டிப் போடுகிறோம், நடுவில் விரல் அளவு பைப்தான். அதற்கும் இரண்டாக எண்ண வேண்டுமா?

அன்வர்_ஸ்பிரிங்க்ளர்:
இரண்டாகவே எண்ணுங்கள்.

கயல்விழி:
எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. முதல் எல்போவில் கலங்கிய ஓட்டம் நேராவதற்கு முன்பே இரண்டாவதில் நுழைகிறது. ஒட்டி இருக்கும் ஜோடி பெரும்பாலும் இரண்டின் கூட்டலைவிடக் குறைவாகவே தின்கிறது. ஆனால் இரண்டும் ஒரே தளத்தில் திரும்புகிறதா, முறுக்கிக்கொண்டு திரும்புகிறதா என்பதைப் பொறுத்து மாறும். எவ்வளவு குறைவு என்று எல்லா ஜோடிக்கும் ஒரே எண் சொல்ல முடியாது.

செந்தில், சுவரை உடைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வாஷ்பேசின் கிளை ஸ்டாப் காக்குக்கு முன்பே பிரிகிறது என்றால், அதன் ஆங்கிள் காக்கில் 6 மீட்டர் டிரான்ஸ்பரன்ட் டியூபை கிளாம்பு வைத்து இறுக்கி, வென்டிலேட்டர் வழியாக வெளியே எடுத்து, கைப்பிடிச் சுவருக்கு மேல் வரை நிறுத்துங்கள். காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்புங்கள். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது தண்ணீர் டேங்க் மட்டத்தில் நிற்க வேண்டும். இப்போது ஷவர் முனையைத் திறந்துவிட்டால் டியூபில் மட்டம் இறங்கும். இறங்கிய உயரம்தான் டேங்கிலிருந்து அந்த இடம் வரை தின்னப்பட்டது. என் கணக்குப்படி 1.4 மீட்டருக்குப் பக்கத்தில் வரும். அதைவிட நிறைய இறங்கி, வாளியில் வருவதும் குறைந்தால் முதலில் கேட் வால்வைச் சந்தேகியுங்கள். கைப்பிடி முழுக்கச் சுற்றினாலும் உள்ளே தகடு பாதியில் நின்றுவிடுவதுண்டு. பாதி திறந்த கேட் வால்வு 8 மடங்கு அல்ல, 160 மடங்கு.

செந்தில்_புதுவீடு:
செய்து பார்த்துவிட்டேன். மூடியிருக்கும்போது டியூப் டேங்க் மட்டத்திலேயே நின்றது. திறந்ததும் ஆடி ஆடி 1.45 மீட்டர் இறங்கி நின்றது. வாளி அதே ஒன்றரை நிமிடம்தான். அப்படியானால் குளியலறைக்கு வரும் முன்பே மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. வெளிச்சுவர் லைனை முக்கால் இன்ச்சாக மாற்றச் சொல்லிவிட்டேன், ஸ்டாப் காக்கை அப்புறம் பார்க்கிறேன். ராமசாமி அண்ணே, ஸ்டாண்டு இப்போதைக்கு வேண்டாம்.

அன்வர்_ஸ்பிரிங்க்ளர்:
1.4 க்குப் பதில் 1.45 வந்திருக்கிறது. என் 46 செ.மீ. கணக்குப் பக்கம்தான் சாய்கிறது.

கயல்விழி:
பைப்பின் உள்விட்டம் 12.5 க்குப் பதில் 12.2 இருந்தாலே உராய்வு 12 சதவீதம் கூடிவிடும் அன்வர். 5 செ.மீ. வித்தியாசத்தை எல்போ தலையில் கட்டும் முன், கழற்றப்போகும் பழைய பைப்பில் ஒரு துண்டை வெட்டி செந்தில் அளந்து சொல்லட்டும்.