'டெட் டைம்': தமிழில் என்ன சொல்வது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வணக்கம். தோட்டத்து மடையைத் திறந்து மூட, 12 வோல்ட் வைப்பர் மோட்டார் ஒன்றை எச்-பாலத்தில் போட்டுத் துடிப்பகலத்தை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம். பாலத்தின் ஒரு காலில் மேல் மாஸ்ஃபெட் ஆஃப் ஆகி, கீழ் மாஸ்ஃபெட் ஆன் ஆவதற்குள் இரண்டுமே ஆஃபாக இருக்கும் இடைவெளியை, பட்டறைப் பையன்களுக்கான குறிப்பில் 'இறந்த நேரம்' என்று எழுதினேன். "அப்போ மோட்டாரில் கரண்ட் ஓடாதா?" என்று ஒருவன் கேட்டான். ஓடும். சுருளில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்காது. மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டயோடு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். எதுவும் சாகவில்லையே! 'கைமாற்று நேரம்' என்றால் என்ன?

நகரியிலிருந்து:

அண்ணா, இந்தத் தொல்லை எனக்கும் உண்டு. தறிக்குத் தார் நூல் சுற்றும் மோட்டாருக்கு 15 சதவீதத் துடிப்பு வரை கொடுத்தாலும் முனகுகிறதே தவிர நகரவில்லை. 'அசையா நேரம்' பொருத்தமாக இருக்கும்.

வேலந்தாவளத்திலிருந்து:

பெயர் எதுவானாலும் சரி. திசை மாற்றும்போது நிரலில் 200 மில்லிநொடி நிறுத்திவிட்டால் போதும், மாஸ்ஃபெட் புகையாது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பாலக்காட்டிலிருந்து:

நகரித் தம்பி சொல்வது உராய்வைத் தாண்டப் போதாத துடிப்பு, அது வேறு. வேலந்தாவளத்துக்காரர் வைக்கும் நிறுத்தமும் தேவைதான். ஓடும் மோட்டாரைச் சட்டென்று திருப்பினால் அதன் பின்மின்னழுத்தம் சப்ளையோடு கூடிக்கொள்ளும், கரண்ட் எகிறும். ஆனால் நாம் பேசும் இடைவெளி திசை மாறும்போது மட்டும் வருவதல்ல. ஒரே காலின் மேலும் கீழும் மாறி மாறி இயங்கினால், 20 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு 50 மைக்ரோநொடிக்கும் இரண்டு முறை வரும்.

என்னிடம் வந்த ஒரு பலகையைச் சொல்கிறேன். டிரைவர் ஐஆர் 2104. அதற்குள்ளேயே சுமார் அரை மைக்ரோநொடி இடைவெளி உண்டு. கேட்டில் 100 ஓம் போட்டிருந்தார்கள். பெரிய மாஸ்ஃபெட், கேட் காலியாக ஒரு மைக்ரோநொடிக்கு மேல் பிடித்தது. மேலது அணையும் முன்பே கீழது திறந்து, பேட்டரியிலிருந்து தரைக்கு நேர்வழி. மோட்டாரைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். அப்போதும் மாஸ்ஃபெட் கை வைக்க முடியாமல் சுட்டது. நோயைக் கண்டுகொள்ள அது ஒன்றே போதும். 10 ஓமாகக் குறைத்து, சீக்கிரம் காலியாக அதற்கு இணையாக ஒரு டயோடு வைத்தேன். சூடு போயிற்று.

அதனால் பெயர் மோட்டாரைச் சொல்லாமல் மாஸ்ஃபெட்டைச் சொல்ல வேண்டும். 'இரட்டை அணைப்பு நேரம்' என்பேன். கைமாற்று என்றால் நம் ஊரில் கடன்தானே?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

கடன் என்ற பொருள் எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. ஆனால் 'அணைப்பு' என்றால் பையன்கள் கட்டிப்பிடிப்பதை நினைப்பார்கள். 'இரட்டை விலகல்'? மேலதும் கீழதும் ஒரே சமயத்தில் விலகி நிற்கின்றன. இந்த வாரக் குறிப்பில் அதையே எழுதிப் பார்க்கிறேன். நகரித் தம்பி, உங்கள் மோட்டாருக்குத் துடிப்பின் அதிர்வெண்ணைக் குறைத்துப் பார்த்தீர்களா?