கிடங்கில் இருந்தால் மட்டும் பேட்டரி மதியத்துக்குள் தீர்கிறது, என்ன செய்யலாம்?

துணிக்கடைக் கணக்கு, ஜார்ஜ்டவுன்:
லெபோ பசாரில் பழைய கடைவீடு ஒன்றின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத கிடங்கில் எனக்கு வேலை. காலை ஒன்பது மணிக்கு நூறு விழுக்காடு இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசி, மூன்று மணிக்கு இருபதுக்குக் கீழே போய்விடுகிறது. வேலை நேரத்தில் அதைத் தொடுவதே அரிது. ஆனாலும் பையில் இருக்கும்போதே கதகதப்பாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரவு வரை தாங்குகிறது. இரண்டு சிம் போட்டிருக்கிறேன். பேட்டரியை மாற்ற வேண்டுமா?

ஜெலுத்தோங் தம்பி:
அக்கா, பின்னணியில் ஓடும் செயலிகளை எல்லாம் மூடிவிடுங்கள். சிக்னல் மோசமான இடத்தில் 3ஜி மட்டும் என்று வைத்தாலும் பேட்டரி நிற்கும். நான் முன்பு அப்படித்தான் வைத்திருந்தேன்.

பாலிக் புலாவ் தோட்டம்:
எனக்கும் இதே தொல்லைதான். டுரியான் தோட்டத்தில் மின்னேற்றும்போது கைப்பேசி கொதிக்கிறது. சார்ஜர் கோளாறாக இருக்குமோ?

கோபுரப் பணியாளர்:
தோட்டத்து அண்ணா, மின்னேற்றும்போது சூடாவது வேறு விஷயம். அதைத் தனியாகக் கேளுங்கள்.

தம்பி சொன்னதில் பாதி சரி. சிக்னல் மோசமாக இருக்கும்போது பின்னணிச் செயலி அனுப்பும் சிறு செய்திக்குக்கூட அதிக மின்சாரம் செலவாகும். ஆனால் மலேசியாவில் 3ஜி சேவையை 2021 இறுதியில் நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்த அமைப்பை வைத்தால் கைப்பேசி இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும், அல்லது 2ஜிக்கு இறங்கிவிடும்.

அக்கா, பேட்டரிக்கு இப்போதே பணம் செலவழிக்காதீர்கள். வீட்டில் நாள் முழுதும் தாங்குகிறது என்றால் பேட்டரி கெடவில்லை. முதலில் ஓர் அளவு எடுங்கள். அமைப்புகளில் About phone, பிறகு SIM status பக்கத்தில் சிக்னல் dBm கணக்கில் இருக்கும். ஐந்தடி நடைபாதையில் ஒரு முறை, கிடங்கில் ஒரு முறை, இரண்டு சிம்முக்கும் பாருங்கள்.

துணிக்கடைக் கணக்கு:
பார்த்தேன். வாசலில் முதல் சிம் -86, கிடங்கில் -116. இரண்டாம் சிம் வாசலில் -101. கிடங்கில் அதற்குச் சேவையே இல்லை.

கோபுரப் பணியாளர்:
காரணம் கிடைத்துவிட்டது. வாசலுக்கும் கிடங்குக்கும் முப்பது வித்தியாசம். மூன்று குறைந்தாலே சிக்னல் பாதியாகிவிடும். முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கோபுரத்துக்குக் கேட்க வேண்டுமே என்று கைப்பேசி தன் குரலை உயர்த்துகிறது. பக்கத்தில் கோபுரம் இருந்தால் ஒரு வாட்டில் ஆயிரத்தில் சில பங்கு போதும். உங்கள் கிடங்கில் அது தன் உச்சமான 0.2 வாட் வரை ஏறுகிறது. அதை வெளியிட, பேட்டரியிலிருந்து அதைப் போலப் பல மடங்கு இழுக்கிறது. வேகமும் குறைந்துவிடுவதால் அதே செய்தியை அனுப்ப அதிக நேரம் பிடிக்கிறது. பையில் உணரும் சூடு அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாம் சிம் இன்னும் மோசம். சேவை கிடைக்காத சிம் ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடும், சற்று ஓய்ந்து மறுபடி தேடும். அதனால் கிடங்கில் இருக்கும்வரை முதலில் அதை அணையுங்கள்.

அடுத்து Preferred network type பகுதியில் 5ஜியை விட்டு 4ஜிக்கு மாறுங்கள். இங்கே 5ஜிக்கு 700, 3500 மெகாஹெர்ட்ஸ் இரண்டும் உண்டு. வேகம் தரும் 3500 தடித்த செங்கல் சுவரில் நிறைய இழக்கிறது. கைப்பேசி அதைப் பிடிப்பதும் விடுவதுமாகவே இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது உதவியது என்று தெரியாமல் போகும்.

ஜெலுத்தோங் தம்பி:
விமானப் பயன்முறை போட்டு, கடை வைஃபையை மட்டும் இயக்கினால் போதாதா?

கோபுரப் பணியாளர்:
பேட்டரிக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் Wi-Fi calling இல்லாவிட்டால் சாதாரண அழைப்பு வராது. அது கைப்பேசியின் மாடல், தொலைத்தொடர்பு நிறுவனம் இரண்டையும் பொறுத்தது. அமைப்பில் அந்த வரி தெரிகிறதா என்று பாருங்கள் அக்கா.

துணிக்கடைக் கணக்கு:
என் கைப்பேசியில் அந்த வரி இல்லை. இரண்டாம் சிம்மை அணைத்ததும் மூன்று மணிக்கு 44 விழுக்காடு இருந்தது. பிறகு 4ஜிக்கு மட்டும் மாற்றினேன், 51. சூடும் இல்லை. மிகவும் நன்றி ஐயா.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. மகனின் பள்ளியிலிருந்து அழைப்பு அந்த இரண்டாம் எண்ணுக்குத்தான் வரும்.

கோபுரப் பணியாளர்:
கிடங்கில் அதற்குச் சேவையே இல்லை என்பதால், சிம் இயங்கினாலும் அங்கே அழைப்பு வந்திருக்காது. வாசலில் நின்று, எல்லா அழைப்புகளையும் முதல் எண்ணுக்குத் திருப்பும்படி அமையுங்கள். அந்த ஏற்பாடு வலையமைப்பிலேயே பதிவாகும், சிம்மை அணைத்த பிறகும் வேலை செய்யும். திருப்பிய அழைப்புக்குக் கட்டணம் உண்டா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி மட்டும் திரும்பாது.

துணிக்கடைக் கணக்கு:
பள்ளி சில நேரம் குறுஞ்செய்திதான் அனுப்புகிறது. அதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?

பாலிக் புலாவ் தோட்டம்:
பள்ளியில் முதல் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள் அம்மா. நானும் தோட்டத்தில் dBm பார்த்தேன், -119 காட்டுகிறது. சார்ஜரைக் குறை சொன்னது சரிதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.