சனிப் பெயர்ச்சி: தனிப் பரலா, மொத்தப் பரலா?

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் 1979-இல் பிறந்த என் அக்காவுக்குக் கும்ப ராசி. தோட்ட வேலையை விட்டு உணவுக்கடை வைக்கலாமா என்று கேட்கிறார். மீனச் சனிக்குப் பலன் சொல்ல முடியாமல் நிற்கிறேன்.

முதலில் கணினியில் போட்டபோது கன்னி லக்னம் வந்தது. மீனத்தில் சனியின் பரல் 3, சர்வாஷ்டகவர்க்கம் 21. பிறகுதான் பிழை தெரிந்தது. 1982-க்கு முன் தீபகற்ப மலேசியாவின் நேரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி முந்தியது. நான் எட்டு மணி என்று போட்டிருந்தேன். அம்மா நாட்காட்டித் தாளில் பென்சிலால் குறித்திருந்த நேரத்தைத் திருத்திப் போட்டதும் லக்னம் துலாத்துக்கு மாறியது.

லக்னத்திலிருந்து 1, 3, 4, 6, 10, 11-ஆம் இடங்களில்தான் சனிக்குப் பரல் விழும். மீனம் கன்னிக்கு ஏழு, துலாத்துக்கு ஆறு. அதனால் சனியின் பரல் 4 ஆனது. சூரியன், சந்திரன், செவ்வாய், புதனுக்கும் ஒவ்வொன்று கூடி மொத்தம் 26. கையாலும் எண்ணினேன்: சனிக்கு 39, எல்லாம் சேர்த்து 337, கணக்கு சரி.

ஆனால் சனியின் 4 சராசரிக்கு மேல். மொத்தம் 26 சராசரியான 28-க்குக் கீழ். இப்படி இரண்டும் முரண்படும்போது கோசாரப் பலனுக்கு எதை முதன்மையாகக் கொள்வீர்கள்?