arctan x + arctan(1/x): வகைக்கெழு பூச்சியமானால் நிறுவல் முடிந்துவிடுமா?

மாணவி_12
arctan x + arctan(1/x) = π/2 என்று நிறுவுமாறு தேர்வில் கேட்டிருந்தார்கள். இடப்பக்கத்தை வகையிட்டேன், பூச்சியம் வந்தது. x = 1 எனப் பிரதியிட்டேன், π/2 கிடைத்தது. ஆகவே எல்லா x-க்கும் இது உண்மை என்று எழுதி முடித்தேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. நான் எதை விட்டுவிட்டேன்?

தொடுகோடு
எனக்குத் தெரிந்தவரை எதையும் விடவில்லை. முதல் உறுப்பின் வகைக்கெழு 1/(1+x²). இரண்டாவதற்குச் சங்கிலி விதிப்படி −1/x² என்பதை 1/(1+1/x²) ஆல் பெருக்கினால் −1/(x²+1) வருகிறது. கூட்டினால் பூச்சியம். வகைக்கெழு பூச்சியமான சார்பு மாறிலி. மாறிலியின் மதிப்பை அறிய ஒரு புள்ளி போதும். திருத்தியவர் தேவைக்கு மேல் கண்டிப்பாக இருந்திருக்கிறார்.

அரைவட்டம்
எனக்கு இந்தச் சமன்பாடே சரியாகப் படவில்லை. x = 1 என்றால் arctan 1 = π/4; அதன் தலைகீழி 4/π. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 2.06 வருகிறது, π/2 என்பதோ 1.57. பிறகு எப்படி நிறுவுவது?

பழைய கரும்பலகை
அரைவட்டம், நீங்கள் கூட்டியிருப்பது 1/arctan x. கேள்வியில் இருப்பது 1/x-இன் arctan. x = 1-இல் 1/x-உம் 1 என்பதால், இரண்டு உறுப்புகளுமே π/4 ஆகின்றன.

தொடுகோடு, உங்கள் வகையிடலில் பிழை இல்லை. அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான் பிழை இருக்கிறது. வகைக்கெழு பூச்சியமான சார்பு மாறிலி என்ற முடிவு சராசரி மதிப்புத் தேற்றத்திலிருந்து வருகிறது. a, b என்ற இரு புள்ளிகளில் சார்பின் மதிப்புகள் வேறுபட்டால், அவற்றுக்கு இடையே எங்கோ ஓரிடத்தில் வகைக்கெழு பூச்சியமல்லாததாக இருந்தாக வேண்டும் என்பதே வாதம். a-இலிருந்து b வரை இடையில் உள்ள ஒவ்வொரு புள்ளியிலும் சார்பு வரையறுக்கப்பட்டிருந்தால்தான் இந்த வாதம் நிற்கும். −1-இலிருந்து 1-க்குப் போகிறவர் பூச்சியத்தைக் கடந்தாக வேண்டும். அங்கே 1/x இல்லை, ஆகவே சார்பும் இல்லை. சார்பகம் இரண்டு துண்டுகளாகக் கிடக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் சார்பு மாறிலிதான், ஆனால் இரண்டும் ஒரே மாறிலி என்று சொல்ல எந்தத் தேற்றமும் இல்லை. x = −1 எனப் போட்டுப் பாருங்கள்: −π/4 − π/4 = −π/2.

எனவே சரியான கூற்று, x > 0 எனில் π/2, x < 0 எனில் −π/2 என்பதாகும். வினாத்தாளில் x > 0 என்று அச்சிட்டிருந்தால் அந்த மாணவியின் விடை முழுமையானது. அந்த நிபந்தனை இல்லாமலிருந்தால் வினாவே தவறு.

தொடுகோடு
x < 0 என்ற பகுதியைக் கவனிக்காமல் விட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இது ஒற்றைச் சார்பு. x-க்குப் பதில் −x போட்டால் குறி மாறுகிறது. வலப்பக்கத்தில் π/2 என்றால் இடப்பக்கத்தில் −π/2 என்பது தானாகவே வந்துவிடுகிறது. இதைப் பெரிய ஓட்டை என்று சொல்வது மிகை.

பழைய கரும்பலகை
இந்தச் சார்பில் சமச்சீர் கைகொடுத்தது, அதனால் தப்பித்தீர்கள். ஆனால் அது தனியே எழுதப்பட வேண்டிய ஒரு படி. வகைக்கெழு அதைத் தரவில்லை. சார்பை ஒரு துண்டாக எண்ணியவர் எங்கே சறுக்குவார் என்பது இன்னொரு முற்றொருமையில் தெளிவாகத் தெரியும். 2 arctan x − arctan(2x/(1−x²)) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உறுப்பின் வகைக்கெழுவும் சுருங்கி 2/(1+x²) ஆகிறது, ஆகவே வித்தியாசம் பூச்சியம். x = 0-இல் சோதித்தால் மாறிலி 0. இத்துடன் நிறுத்தியவர் 2 arctan x = arctan(2x/(1−x²)) எங்கும் உண்மை என்று எழுதுவார். x = √3 எனப் போடுங்கள்: முதல் உறுப்பு 2π/3; பின்னம் 2√3/(−2) = −√3, அதன் arctan −π/3; வித்தியாசம் π. இங்கே சார்பகத்தை 1-உம் −1-உம் மூன்றாக வெட்டுகின்றன. நடுத்துண்டில் மாறிலி 0, வலத்துண்டில் π, இடத்துண்டில் −π. இதுவும் ஒற்றைச் சார்புதான். ஆனால் நடுத்துண்டில் பெற்ற 0-ஐ வைத்துக்கொண்டு சமச்சீரால் வலத்துண்டின் π-ஐ எட்ட முடியாது. அங்கே ஒரு புள்ளியைத் தனியே சோதித்தே ஆக வேண்டும்.

நிரலெழுதி
இது என்னை ஒருமுறை நன்றாகவே ஏமாற்றியது. ஒரு கோணத்தைக் கணக்கிடும் நிரலில், இந்த முற்றொருமையை நம்பி `atan(1/x)` இருந்த இடத்தில் `pi/2 - atan(x)` என்று மாற்றினேன். மாற்றுவதற்கு முன் 0.5, 2, 10 ஆகியவற்றில் சோதித்தேன். மூன்றிலும் கூட்டல் 1.570796 வந்தது. பிறகு சில உள்ளீடுகளில் மட்டும் விடை சரியாக π அளவு விலகியது. காரணத்தை நெடுநேரம் தேடியபின் இதை ஓட்டிப் பார்த்தேன்:

```python
from math import atan
print(atan(-2) + atan(-0.5))
```

விடை −1.570796-க்கு அருகில் வந்தது. நான் சோதித்த மூன்று எண்களும் ஒரே பக்கத்தில் இருந்தன. மூவாயிரம் நேர்ம எண்களைச் சோதித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. பிழை π அல்லது அதன் மடங்காக இருந்தால், இப்போதெல்லாம் முதலில் துண்டு மாறியதா என்றுதான் பார்க்கிறேன்.

மூன்றாம் கோணம்
நீங்கள் எல்லோரும் ஏன் வகையிடுகிறீர்கள் என்பதே எனக்குப் புரியவில்லை. x > 0 எனக் கொண்டு θ = arctan x என்போம். θ பூச்சியத்துக்கும் π/2-க்கும் இடையில் இருக்கிறது; tan(π/2 − θ) = 1/x; π/2 − θ-உம் அதே இடைவெளியில் இருப்பதால் arctan(1/x) = π/2 − θ. ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு குறுங்கோணங்களைத்தான் கூட்டுகிறோம். வகையிடும் முறை விடையைத் தருகிறது, காரணத்தைத் தருவதில்லை.

பழைய கரும்பலகை
அழகான நிறுவல்தான். ஆனால் “அதே இடைவெளியில் இருப்பதால்” என்ற சொற்களை எடுத்துவிட்டால் அதிலும் அதே ஓட்டை திறந்துகொள்ளும். x எதிர்மமானால் π/2 − θ என்பது π/2-ஐத் தாண்டிவிடுகிறது. அது arctan-இன் வீச்சகத்தில் இல்லை, π-ஐக் கழித்தாக வேண்டும். உங்கள் முறை துண்டுகளைக் கோணத்தின் பக்கத்தில் எண்ணுகிறது, வகையிடல் x-இன் பக்கத்தில் எண்ணுகிறது. 2 arctan x போன்றவற்றில் எனக்கு இரண்டாவதே எளிது. பகுதி எங்கே பூச்சியமாகிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

மூன்றாம் கோணம்
எளிது என்பதை ஏற்கிறேன். விளக்கம் என்பதை ஏற்கவில்லை. முக்கோணத்தைப் பார்த்தவருக்கு π/2 எங்கிருந்து வந்தது என்று தெரியும். x = 1 எனப் பிரதியிட்டவருக்குத் தெரியாது.

மாணவி_12
இப்போது வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். “x ≠ 0” என்று மட்டும்தான் இருக்கிறது. இன்னும் ஓர் ஐயம்: arcsin x + arccos x = π/2 என்பதையும் இதே முறையில்தான் எழுதினேன். அங்கே x = 1, x = −1 ஆகிய புள்ளிகளில் வகைக்கெழுவே இல்லையே, அதுவும் தவறா?

பழைய கரும்பலகை
இல்லை. அங்கே சார்பகம் −1 முதல் 1 வரை ஒரே துண்டு. உட்புறத்தில் சார்பு மாறிலி என்று வகைக்கெழு சொல்கிறது. முனைகளில் வகைக்கெழு இல்லாவிட்டாலும் தொடர்ச்சி இருப்பதால் அதே மதிப்பு அங்கும் நீள்கிறது. அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். உங்கள் முதல் கணக்கில் x = 0-இல் இப்படி ஒட்ட முடியாது: வலமிருந்து நெருங்கினால் π/2, இடமிருந்து நெருங்கினால் −π/2.

வினாத்தாளில் x ≠ 0 மட்டும் இருந்தால், x = −1-ஐ எடுத்துக்காட்டி வினாவே தவறு என்று எழுதியவருக்கே முழு மதிப்பெண் போக வேண்டும்.

தொடுகோடு
அப்படியானால் தவறான வினாவுக்குப் பாதி மதிப்பெண்ணை எந்த அடிப்படையில் கொடுத்தார்கள்?